“தொடாதே” என்றாரா, “விடு” என்றாரா? கிரேக்க ஏவல் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

வாசகியின் கடிதம்

“ஐயா, எங்கள் தெருவில் வாரம் ஒருமுறை பெண்கள் கூடிப் பைபிள் வாசிக்கிறோம். நான்தான் நடத்துகிறேன். கிரேக்கச் சொல்லைத் தொட்டால் இலக்கணம் காட்டும் செயலி ஒன்று என் கைப்பேசியில் இருக்கிறது. ஒரு பிரசங்கியார், ‘கிரேக்கத்தில் நிகழ்கால ஏவலோடு தடை வந்தால், செய்துகொண்டிருப்பதை நிறுத்து என்று பொருள், அயோரிஸ்ட் என்ற இன்னொரு வினைவடிவம் வந்தால், இனிமேல் தொடங்காதே என்று பொருள்’ என்று சொல்லிக்கொடுத்தார். யோவான் 20:17-ஐப் பார்த்தேன், நிகழ்கால ஏவல். உடனே வகுப்பில், ‘நம் பைபிளில் என்னைத் தொடாதே என்று இருப்பது தப்பு, என்னைப் பிடித்திருப்பதை விடு என்பதுதான் சரி’ என்று சொல்லிவிட்டேன். எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டியம்மா, ‘அப்போ நான் இத்தனை வருஷம் படிச்சது பொய்யா?’ என்று கேட்டார். அடுத்த வாரம் அவர் வரவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். என் தங்கை நோயில் இருந்தபோது பல மாதம் ஜெபித்தேன். ஒரு கட்டத்தில் என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டேன். அவள் போய்விட்டாள். ‘கேளுங்கள்’ என்பது கிரேக்கத்தில் ‘கேட்டுக்கொண்டே இருங்கள்’ என்று அதே பிரசங்கியார் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இலக்கணம் அப்படித்தான் சொல்கிறதா?”

பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலை முதலில் ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. ஏன் என்பதை விளக்க முதல் கேள்வி வழியாகத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் வேர் ஒன்று. கிரேக்கத்தில் நிகழ்கால ஏவலைக் கண்டதும் ‘இந்தச் செயல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது’ என்றோ ‘இது தொடர்ந்து நடக்க வேண்டும்’ என்றோ முடிவு கட்டும் பழக்கம்தான் அந்த வேர். இருபது வருடமாக இறையியல் மாணவர்களுக்குக் கிரேக்கம் சொல்லித்தருகிறேன். அவர்களிடமும் நான் அதிகம் திருத்துவது இந்தப் பழக்கத்தைத்தான்.

நீங்கள் கேட்ட விதி பிரசங்கியார் தாமாகக் கட்டியதல்ல, அதற்கு ஒரு வரலாறு உண்டு. ஹென்றி ஜாக்சன் என்ற ஆங்கிலேய அறிஞர் தம் நண்பர் டேவிட்சன் சொன்னதாக ஒரு சம்பவத்தை எழுதினார். டேவிட்சன் இன்றைய கிரேக்க மொழியைக் கற்றுக்கொண்டிருந்தபோது, குரைத்துக்கொண்டிருந்த ஒரு நாயை அவருடைய கிரேக்க நண்பர் நிகழ்கால ஏவலில் அதட்டினாராம். இரண்டு வடிவங்களுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு அதுதான் திறவுகோல் என்று டேவிட்சனுக்குத் தோன்றியது. அப்புறம் அவர் பிளேட்டோ எழுதிய சாக்ரட்டீஸின் நீதிமன்ற உரையைப் புரட்டினார். கூட்டம் கூச்சல் போடுமுன் ‘கூச்சலிடாதீர்கள்’ என்று சொல்லும் இடத்தில் அயோரிஸ்ட் இருந்தது. கொஞ்சம் தள்ளி, கூச்சல் எழுந்த பிறகு என்று அவர் எண்ணிய இடத்தில் நிகழ்காலம் இருந்தது. 1906-ல் வெளிவந்த தம் இலக்கண நூலில் ஜேம்ஸ் ஹோப் மோல்ட்டன் இதை எடுத்துச் சொன்னார். அங்கிருந்து பாடப்புத்தகங்களுக்கும், பாடப்புத்தகங்களிலிருந்து பிரசங்க மேடைக்கும் அது வந்து சேர்ந்தது. மோல்ட்டன் விதிக்கு அடங்காத வசனங்களையும் கூடவே பேசியிருந்தார். மேடைக்கு வந்தபோது அந்தப் பகுதி உதிர்ந்துவிட்டது.

அந்த நீதிமன்ற உரையையே இன்னும் கொஞ்சம் வாசித்தால் விதி உடைந்துபோகிறது. சாக்ரட்டீஸ் ஓரிடத்தில், ‘நான் இனி சொல்லப்போவதைக் கேட்டால் நீங்கள் ஒருவேளை கத்துவீர்கள்; ஆனால் அப்படிச் செய்யவே செய்யாதீர்கள்’ என்கிறார். கத்தல் இன்னும் தொடங்கவில்லை, அவர் வாயாலேயே அது இனி வரப்போவது. விதிப்படி அயோரிஸ்ட் வந்திருக்க வேண்டும். வந்திருப்பது நிகழ்கால ஏவல்.

கடைக்குப் போகும் பிள்ளையிடம் சொல்வது

கிரேக்கத்தை ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் அம்மா, “வழியில நின்னு பேசிக்கிட்டு இருக்காதே, சீக்கிரம் வா” என்கிறார். பிள்ளை இன்னும் வாசலைக்கூடத் தாண்டவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. ஆனாலும் அம்மா ‘பேசாதே’ என்று நிறுத்திக்கொள்ளாமல் ‘பேசிக்கிட்டு இருக்காதே’ என்கிறார். நேரம் இழுத்துக்கொண்டு போகும் ஒரு காரியமாக அந்தப் பேச்சை அவர் மனதில் பார்க்கிறார், அவ்வளவுதான். ‘ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறாய், நிறுத்து’ என்று அதற்குப் பொருளில்லை. அதே சொற்களைக் கடை வாசலில் அரட்டையில் நிற்கும் பிள்ளையிடம் சொன்னால் அப்போது ‘நிறுத்து’ என்று பொருள். சொல் மாறவில்லை, சூழல் மாறியிருக்கிறது.

கிரேக்க ஏவலும் இப்படித்தான். நிகழ்கால வடிவம் செயலை உள்ளிருந்து, அது நடந்துகொண்டிருக்கும் விரிவில் பார்க்கிறது. அயோரிஸ்ட் அதே செயலை வெளியிலிருந்து, முழுசாக ஒரு பொட்டலம் போலப் பார்க்கிறது. செயல் எப்போது தொடங்கியது, எத்தனை தடவை நடக்க வேண்டும் என்பதெல்லாம் பார்க்கும் விதத்தைச் சேர்ந்தவை அல்ல. அவற்றை வினையின் இயல்பிலும், பக்கத்துச் சொற்களிலும், கதையிலும்தான் தேட வேண்டும்.

அம்மா சொன்னதற்கு நிகரான வசனங்களே உண்டு. லூக்கா 10-ல் எழுபது பேரை அனுப்புகையில் இயேசு, ‘பையைத் தூக்கிச் செல்லாதீர்கள்’, ‘வழியில் யாரையும் வாழ்த்தாதீர்கள்’, ‘வீட்டுக்கு வீடு போகாதீர்கள்’ என்கிறார். மூன்றும் புறப்படுவதற்கு முன் சொன்னவை. முதலாவதும் மூன்றாவதும் நிகழ்காலம், நடுவில் உள்ளது அயோரிஸ்ட். இன்னும் தெளிவானது 2 யோவான் 10. ‘ஒருவன் வந்து இந்த உபதேசத்தைக் கொண்டுவராவிட்டால் அவனை வீட்டில் ஏற்றுக்கொள்ளாதீர்கள்’ என்பதும் நிகழ்கால ஏவல்தான். ஆள் இன்னும் வந்தே சேரவில்லை!

யோவான் 20:17-ஐ ஒன்றாகப் பார்ப்போம்

கிரேக்கத்தில் இருப்பது ‘மே மூ ஹாப்டூ’. ‘மே’ என்பது தடைச்சொல், ‘மூ’ என்பது ‘என்னை’, ‘ஹாப்டூ’ நிகழ்கால ஏவல். உங்கள் செயலி காட்டியது சரிதான். அதிலிருந்து நீங்கள் போட்ட முடிவுதான் ஒரு படியைத் தாண்டிவிட்டது.

அதே வசனத்தில் அடுத்து வரும் ஏவல்களைத் தொட்டுப் பாருங்கள். ‘நீ என் சகோதரரிடத்திற்குப் போய்... சொல்லு’ என்பதில் ‘போ’ நிகழ்காலம், ‘சொல்லு’ அயோரிஸ்ட். நிகழ்காலம் என்றாலே செயல் ஏற்கெனவே நடக்கிறது என்று கொண்டால், மகதலேனா மரியாள் அந்த நேரத்தில் நடந்துபோய்க்கொண்டே இருந்திருக்க வேண்டும். அவளோ அவர் முன்னால் நிற்கிறாள். ‘போ’ என்று சொல்லும் இந்த வினையைக் கிரேக்கர் நிகழ்கால ஏவலில் சொல்வது சர்வசாதாரணம். வினைக்கு வினை பழக்கம் வேறுபடும். மத்தேயு 8:9-ல் நூற்றுக்கு அதிபதி தன் ஆட்களிடம் ‘போ’ என்பதை அயோரிஸ்டிலும் ‘வா’ என்பதை நிகழ்காலத்திலும் சொல்கிறான். வருபவன் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை.

அப்படியானால் ‘ஹாப்டூ’ என்ற வடிவத்திலிருந்து ஒன்றுமே கிடைக்காதா? கிடைக்கிறது. இந்த வினைக்கு ‘தொடு’ என்றும் ‘பற்றிக்கொள்’ என்றும் இரு பக்கம் உண்டு. தொடுவதை முழுசாகப் பார்த்தால் அது ஒரு கணத் தொடுகை. கூட்டத்தில் பின்னால் வந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட பெண்ணைப் பற்றி மாற்கு 5:27 சொல்வது அயோரிஸ்ட். அதே தொடுகையை விரிவாகப் பார்த்தால் அது பற்றிக்கொண்டிருப்பதாக ஆகிவிடுகிறது. கொலோசெயர் 2:21-ஐயும் எடுங்கள். ‘தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே’ என்று மனிதர் போடும் கட்டளைகளைப் பவுல் சொல்லிக்காட்டுகிறார். அங்கே உள்ள ‘தொடாதே’ இதே வினைதான், ஆனால் அயோரிஸ்ட், ‘மே ஹாப்ஸே’. விரல்கூடப் படக்கூடாது என்ற தீட்டு விதிக்கு அந்த வடிவம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ‘தொடாதே’ என்றுதான் நாம் வாசிக்கிறோம். கிரேக்கத்தில் இரண்டும் வேறு. ஆகவே யோவானில் இருப்பது தீட்டு சார்ந்த விலக்கல்ல, ‘என்னைப் பற்றிக்கொண்டு நிற்காதே’ என்ற திசையில்தான் போகிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

ஆனால் மரியாள் உண்மையிலேயே ஏற்கெனவே பற்றியிருந்தாளா? யோவான் அதைச் சொல்லவில்லை. அவள் திரும்பினாள், ‘ரபூனி’ என்றாள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பற்றியிருந்தாள் என்று கொள்ளலாம். மத்தேயு 28:9-ல் பெண்கள் அவர் பாதங்களைத் தழுவிக்கொண்டதாக வருவது இதற்குத் துணை நிற்கும். பற்றுவதற்குக் கையை நீட்டினாள் என்றும் கொள்ளலாம், கடைக்குப் போகும் பிள்ளைக்குச் சொன்ன மாதிரி. முதலாவதுதான் கூடுதல் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது. ‘நான் இன்னும் ஏறிப்போகவில்லை, நீ போய்ச் சொல்லு’ என்று அடுத்து வருவதால், அவளை விடுவித்து அனுப்பும் தொனி அங்கே இருக்கிறது. இதை நான் கதையோட்டத்திலிருந்து எடுக்கிறேன். ஏவலின் வடிவம் இதற்கு இடம் கொடுக்கிறது, நிரூபிக்கவில்லை. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் ‘என்னை இப்படிப் பற்றிக்கொண்டிராதே’ என்று இருக்கிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்களும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ‘இப்படி’ என்ற சொல் கிரேக்கத்தில் இல்லை, அவர்கள் தங்கள் புரிதலைத் தெளிவாக்கச் சேர்த்தது.

ஆகவே பாட்டியம்மாவின் பைபிள் பொய்யல்ல. ‘தொடாதே’ என்ற தமிழ்ச்சொல் தொட்டுக்கொண்டிருப்பவரிடமும் சொல்லப்படும், தொட வருபவரிடமும் சொல்லப்படும். அது கிரேக்கத்துக்கு முரணானதை எதுவும் சொல்லவில்லை. பற்றிக்கொள்ளும் அர்த்தத்தின் சாயலைத்தான் விட்டுவிடுகிறது. ‘தப்பு’ என்று நீங்கள் சொன்னதைத் திரும்பப் பெறலாம், பெறவும் வேண்டும். ‘பற்றிக்கொள்ளுதல்’ என்ற கருத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல கருத்து.

அயோரிஸ்ட் பற்றியும் ஒரு திருத்தம்

செயலியில் கொலோசெயர் 2:21-ஐத் தொட்டால் ‘ஏவல்’ என்று காட்டாது, சப்ஜங்டிவ் என்ற வேறொரு வடிவத்தைக் காட்டும். குழம்பாதீர்கள். முன்னிலையில் ஒருவரைத் தடுக்கும்போது நிகழ்காலம் ஏவல் வடிவத்தில் வரும், அயோரிஸ்ட் சப்ஜங்டிவ் வடிவத்தில் வரும். கிரேக்க மொழியின் வழக்கம் அது. பொருளில் அதுவும் தடைதான்.

அயோரிஸ்ட் என்றால் ‘ஒரே தடவை’ என்றும் ‘இனிமேல் தொடங்காதே’ என்றும் சொல்வதும் நிற்காது. மலைப்பிரசங்கத்தில் மத்தேயு 6:25-ல் ‘கவலைப்படாதிருங்கள்’ என்பது நிகழ்காலம். 34-ல் நாளைக்காகக் ‘கவலைப்படாதிருங்கள்’ என்பது அயோரிஸ்ட். கேட்பவர்கள் அதே ஆட்கள், வினையும் அதே வினை. ஒன்பது வசன இடைவெளியில் ‘கவலையை நிறுத்துங்கள்’ என்று சொல்லிவிட்டு ‘கவலைப்படத் தொடங்காதீர்கள்’ என்று சொல்வதாக எடுத்துக்கொண்டால் பேச்சு ஒட்டாது. வாழ்க்கை முழுவதுக்குமான பொது அறிவுரையாக முதலாவது விரிகிறது. அதை ‘நாளை’ என்ற ஒரு குறிப்பிட்ட விஷயத்தில் வைத்து இரண்டாவது முடித்துக்கட்டுகிறது. பொதுவாக நடந்துகொள்ள வேண்டிய முறைக்கு நிகழ்காலமும், ஒரு குறிப்பிட்ட சந்தர்ப்பத்துக்கு அயோரிஸ்டும் வருகிற போக்கு புதிய ஏற்பாட்டில் உண்டு என்று 1990-ல் பைஸ்ட் ஃபேனிங் என்ற அறிஞர் விரிவாகக் காட்டினார். அதுவும் போக்குதான், சட்டமல்ல. 2 தீமோத்தேயு 4:2-ல் ‘பிரசங்கம்பண்ணு’ என்பதில் தொடங்கி ஐந்து ஏவல்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஐந்தும் அயோரிஸ்ட். ஒரே ஒரு முறை பிரசங்கம் பண்ணிவிட்டு ஓய்ந்துவிடு என்று யாரும் அதை வாசித்ததில்லை.

‘கேளுங்கள்’

சகோதரி, இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுத்த வசனத்துக்கு வருகிறேன். மத்தேயு 7:7-ல் ‘கேளுங்கள், தேடுங்கள், தட்டுங்கள்’ மூன்றும் நிகழ்கால ஏவல்கள்தான். எவருக்கும் எந்தக் காலத்துக்கும் பொருந்தும் பொது அறிவுரை என்பதால் அந்த வடிவம் இயல்பாக வந்திருக்கிறது. ‘தேவை வரும்போது கேளுங்கள், அதுதான் உங்கள் வழக்கமாக இருக்கட்டும்’ என்பது அதற்கு நெருங்கிய உரை. ‘ஒரே விஷயத்தை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்திவிட்டால் கிடைக்காது’ என்று சொல்ல அந்த வடிவம் போதாது. விடாமல் செய்யச் சொல்ல வேண்டுமானால் கிரேக்கத்தில் அதற்குத் தனிச்சொல் சேர்ப்பார்கள். 1 தெசலோனிக்கேயர் 5:17-ல் ‘இடைவிடாமல்’ என்று ஒரு சொல் தனியாக நிற்கிறது. லூக்கா 18:1-ல் ‘எப்பொழுதும்’, ‘சோர்ந்துபோகாமல்’ என்ற சொற்கள் நிற்கின்றன. மத்தேயு 7:7-ல் அப்படி எதுவும் இல்லை.

அந்த வசனத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். அடுத்து வரும் உவமையில் ஒரு மகன் அப்பம் கேட்கிறான், அவனுக்குக் கல்லைக் கொடுக்கிற தகப்பன் உண்டா என்று இயேசு கேட்கிறார். மகன் எத்தனை தடவை கேட்டான் என்ற கணக்கே அங்கே இல்லை. அதே மலைப்பிரசங்கத்தில் ஒரு அதிகாரம் முன்னால், திரும்பத் திரும்ப வார்த்தைகளை அடுக்கி ஜெபிக்காதீர்கள், நீங்கள் கேட்கும் முன்பே உங்களுக்கு என்ன தேவை என்று பிதா அறிவார் என்று இருக்கிறது. லூக்கா 11-ல் இதே வரிகள் நள்ளிரவில் கதவைத் தட்டும் நண்பனின் கதைக்குப் பின்னால் வருவதால், அங்கே விடாப்பிடியின் சாயல் உண்டு. அது கதையிலிருந்து வருவது. பிரசங்கியார் அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். வினைவடிவத்தின் மேல் அதை ஏற்றியதுதான் சரியில்லை.

வேண்டுதலில் வரும் வடிவங்களையும் கேளுங்கள். ‘எங்கள் ஆகாரத்தைத் தாரும்’ என்பது மத்தேயு 6:11-ல் ‘தொஸ்’, அயோரிஸ்ட், கூடவே ‘இன்று’. லூக்கா 11:3-ல் அது ‘திதூ’, நிகழ்காலம், கூடவே ‘அன்றன்றும்’. இன்றைய ஒரு நாளின் சோறு முழுசாகத் தெரிகிறது ஒன்றில். நாள்தோறும் வரும் சோறு வரிசையாகத் தெரிகிறது மற்றதில். மத்தேயுவின் வடிவத்தில் ஜெபித்தவர் குறைவாகக் கேட்டார் என்று யாராவது சொல்வார்களா? பல மாதம் கேட்டுக் களைத்துப்போய் நிறுத்திய ஒரு அக்காவைக் குற்றவாளியாக்க இந்த மொழியில் எந்த விகுதியும் இல்லை. உங்கள் துக்கத்தை ஒரு நல்ல ஆயரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். தூக்கம் வராத நிலை நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். கிரேக்கத்தின் பேரால் வந்த பாரத்தை மட்டும் இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

இனி வகுப்பில் எப்படிச் சொல்வது

செயலியை விட வேண்டாம். அது ‘நிகழ்கால ஏவல்’ என்று காட்டியதும் மூன்றைப் பாருங்கள். முதலில், செயல் நடந்துகொண்டிருப்பதாகக் கதையே சொல்கிறதா? லூக்கா 8:52-ல் எல்லாரும் அழுதுகொண்டிருந்தார்கள் என்று எழுதிவிட்டுத்தான் ‘அழாதேயுங்கள்’ என்று வருகிறது. அங்கே ‘அழுகையை நிறுத்துங்கள்’ என்று தாராளமாகச் சொல்லலாம். அடுத்து, இது ஒரு ஆளிடம் ஒரு நேரத்தில் சொன்னதா, எல்லாருக்குமான அறிவுரையா? கடைசியாக, இந்த வினை ‘போ’, ‘வா’ போலப் பழக்கத்தால் பெரும்பாலும் ஒரு வடிவத்தில் வருகிற வினையா? இதற்கு நீங்கள் அதே வினை வேறெங்கெல்லாம் ஏவலாக வருகிறது என்று செயலியில் தேடிப் பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலைதான். இந்த மூன்றையும் பாராமல் ‘கிரேக்கத்தில் இப்படி இருக்கிறது’ என்று சொன்னால், மறுத்துப் பேச வழியில்லாதவர்கள் முன்னால் அதிகாரத்தோடு பேசியதாக ஆகிவிடும். பாட்டியம்மாவுக்கு வலித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவர் வீட்டுக்கு நீங்களே போங்கள். அவருடைய பழைய பைபிளிலேயே யோவான் 20:17-ஐயும் கொலோசெயர் 2:21-ஐயும் அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ‘தொடாதே’ என்று வருவதை அவரே கண்டுபிடிப்பார். “பாட்டி, இங்கே எழுதியிருப்பது சரிதான், நான்தான் அவசரப்பட்டேன். ஆனால் கிரேக்கத்தில் இந்த இரண்டு தொடாதேயும் வேற வேற” என்று தொடங்குங்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பும்போது அவர் என்ன சொல்வார் என்றும் கேளுங்கள்.